கூட்டு மனு வழி மணவிலக்கு: நீதிமன்றத்திற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை (அனுபவப் பகிர்வு)

பிறைவாசி (பினாங்கு)

நானும் என் முன்னாள் கணவரும் பேசி ஒத்துக்கொண்டு, ஜார்ஜ்டவுன் லைட் சாலையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனு கொடுத்துப் பிரிந்தோம். எங்களைப் போலவே மனக்கசப்பில்லாமல் பிரிய நினைக்கும் தம்பதியர் பலர், நீதிமன்ற நாளை எண்ணித்தான் அஞ்சுகிறார்கள். அந்த நாள் எங்களுக்கு எளிதாகவே கழிந்தது. உண்மையான உழைப்பு அதற்கு முன்பு, மனுவில் இடம்பெறும் நிபந்தனைகளை எழுதியபோதுதான் தேவைப்பட்டது.

1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனு செய்யலாம். யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நீதிபதி பார்ப்பது இரண்டை மட்டுமே: இருவரும் தம் விருப்பத்தோடு சம்மதித்தார்களா என்பது ஒன்று, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முறையான ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் மனுவின் உயிர்.

எங்களுக்கு 9 வயதில் மகளும் 6 வயதில் மகனும் இருக்கிறார்கள். முதல் வரைவில், "பிள்ளைகளின் நியாயமான செலவுகளைத் தந்தை ஏற்பார்" என்று ஒரு வரி இருந்தது. வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, டியூஷன் கட்டணம் நியாயமான செலவா, பல்லுக்குக் கம்பி போடுவது நியாயமான செலவா, அதை யார் முடிவு செய்வது என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். இருவரும் வெவ்வேறு பதில் சொன்னோம். அதன் பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 900 ரிங்கிட் ஐந்தாம் தேதிக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் என்றும், ஆண்டுத் தொடக்கப் பள்ளிச் செலவையும் மருத்துவச் செலவையும் ரசீதைக் காட்டிப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வோம் என்றும் எழுதினோம். பாதுகாவல் உரிமை இருவருக்கும் பொது. பிள்ளைகள் வசிப்பது என்னோடு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி மாலை ஆறு மணி முதல் ஞாயிறு மாலை ஆறு மணி வரை தந்தையோடு. பள்ளி விடுமுறையில் சரிபாதி. தீபாவளி ஓராண்டு என்னிடம், மறு ஆண்டு அவரிடம். இவ்வளவு நுணுக்கமாக எழுதுவது நம்பிக்கையின்மையைக் காட்டுகிறது என்று என் அம்மா வருந்தினார். எழுதி வைத்ததனால்தான் இன்றுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாதமின்றிக் கழிகிறது என்பது என் உறுதியான கருத்து.

கெப்போங் அண்ணன்

சகோதரி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். மனு செய்வதற்கு முன்னால் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவிடம் போய், அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் இருவரும் சென்று, சமரசம் ஆகவில்லை என்ற சான்றிதழைப் பெற வேண்டும். என் நண்பர் அப்படித்தான் செய்தார். அதற்கே பல மாதங்கள் ஓடிவிட்டன. அந்தச் சான்றிதழ் இல்லாமல் எந்த மனுவும் ஏற்கப்படாது.

ஓய்வுபெற்ற எழுத்தர் (கோலாலம்பூர்)

நான் தலைநகரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் குடும்ப வழக்குக் கோப்புகளைத் தயாரித்தவன். கெப்போங் அண்ணன் சொல்வது ஒருவர் மட்டும் தனியாகத் தொடுக்கும் மனுவுக்குப் பொருந்தும். 106ஆம் பிரிவு கூட்டு மனுவுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அவருடைய நண்பரின் வழக்கில் மனைவி சம்மதிக்காமல் இருந்திருக்கக்கூடும். இருவரும் ஒத்துப்போனால் நேராக உயர் நீதிமன்றத்திற்கே செல்லலாம்.

நடைமுறையில், கூட்டு மனுவோடு இருவரும் தனித்தனியே கையொப்பமிட்ட சத்தியப் பிரமாணப் பத்திரங்களையும், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களையும் இணைத்துத் தாக்கல் செய்வோம். ஒரே வழக்கறிஞர் இருவருக்குமாக மனுவைத் தயாரிப்பது வழக்கத்தில் உண்டு. ஆனால் நிபந்தனைகளில் ஒன்றில் கருத்து வேறுபாடு எழுந்த மறுகணமே இருவரும் தனித்தனி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதே சரி. விசாரணை நாளில் இருவரும் நேரில் வர வேண்டும். யாரும் வற்புறுத்தினார்களா, நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டீர்களா, மீண்டும் சேர்ந்து வாழ வாய்ப்பில்லையா என்று நீதிபதி கேட்பார். மலாய் மொழியில் தடுமாறுபவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்கக் கூடாது. புரியாமல் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கணவரிடம் பொருள் கேட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

நீதிபதி மனநிறைவடைந்தால் டிகிரி நைசை என்ற இடைக்கால மணவிலக்கு ஆணை வழங்கப்படும். அதோடு திருமணம் முறிந்துவிட்டது என்று கருதுபவர்கள் ஏராளம். நீதிமன்றம் காலத்தைக் குறைத்தாலன்றி மூன்று மாதங்கள் கழித்தே அது டிகிரி அப்சலூட் என்ற இறுதி ஆணை ஆகும். அதுவரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவியே; இடையில் ஒருவர் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. அப்சலூட் கிடைத்த பின் தேசியப் பதிவு இலாகாவில் மணவிலக்கைப் பதிந்துகொள்வதோடு கோப்பு மூடப்படும்.

செந்தூல் வாசகி

என் தங்கைக்கு 2019இல் கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது. பதிவு செய்யவில்லை. இப்போது இருவரும் நல்ல முறையில் பிரிய விரும்புகிறார்கள். ஒரு குழந்தையும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தாண்டிவிட்டதால் அவர்களும் கூட்டு மனு போடலாம் என்று இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற எழுத்தர்

அம்மா, இது வேறு விஷயம். அந்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். சடங்கு மட்டும் நடந்து பதிவு இல்லாவிட்டால், முறிப்பதற்குச் சட்டப்படியான திருமணமே இல்லை என்றாகிவிடும். ஆகவே கூட்டு மனுவுக்கு இடமில்லை. ஆனால் குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தந்தையிடம் கோர வேறு சட்டம் வழிவிடுகிறது. அந்தக் கோரிக்கைக்காகத் தங்கை ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. கோயிலில் திருமணம் நடத்திய ஐயரே துணைப் பதிவாளராக இருந்து, சான்றிதழ் வீட்டில் எங்கேனும் இருக்கிறதா என்பதையும் முதலில் தேடிப் பாருங்கள். அப்படி இருந்துவிட்டால் என் பதில் முழுவதும் மாறிவிடும்.

பிறைவாசி

வீட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனெனில் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது அதுதான். இருவர் பெயரிலும் வாங்கிய இரட்டை மாடித் தொடர் வீடு. மதிப்பீட்டின்படி அதன் விலை 420,000 ரிங்கிட். வங்கிக் கடனில் மீதம் 270,000. எஞ்சும் 150,000 ரிங்கிட்டில் ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டோம். பிள்ளைகளின் பள்ளி அருகில் இருப்பதால் வீட்டை நான் வைத்துக்கொண்டு அவருக்கு 75,000 கொடுப்பது என்று முடிவாயிற்று.

இதை இப்படியே எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் சிக்கியிருப்போம். நீதிமன்ற ஆணை எங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும். கடன் ஒப்பந்தத்தில் மூன்றாவதாகக் கையொப்பமிட்ட வங்கியை அது கட்டுப்படுத்தாது. என் பெயருக்கு மட்டும் கடனை மாற்ற வேண்டுமானால், பழைய கடனையும் அவருடைய பங்கையும் சேர்த்து 345,000 ரிங்கிட்டை என் ஒரு சம்பளத்தை நம்பி ஒரு வங்கி தர முன்வர வேண்டும். நான்கு விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுகளுக்கு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,650 ரிங்கிட். எனவே மனு தாக்கலாகும் முன்பே வங்கிக்குச் சென்று என் தகுதியை விசாரித்தேன். மனுவிலும் ஒரு மாற்று வழியை எழுதினோம்: டிகிரி அப்சலூட் கிடைத்த ஆறு மாதத்திற்குள் மறுகடன் கிடைக்காவிட்டால் வீட்டை விற்று, வங்கிக் கடனையும் விற்பனைச் செலவையும் கழித்து, மீதத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வது, அதுவரை தவணையை நான் கட்டுவது. அந்தக் கடைசிச் சொற்றொடர் இல்லாவிட்டால், இடைப்பட்ட மாதங்களில் தவணை தவறும்போது கடன் பதிவில் இருவர் பெயரும் கெடும்.

கெப்போங் அண்ணன்

சமரசக் குழு பற்றிய விளக்கத்திற்கு நன்றி. என் நண்பரைக் கேட்டேன், அவருடையது தனி மனுதானாம். வேறொன்று கேட்கிறேன். மனைவி நன்றாகச் சம்பாதிப்பவராக இருந்தால், தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிவிடுவதுதானே பெருந்தன்மை?

ஓய்வுபெற்ற எழுத்தர்

இதில் வழக்கறிஞர்களே ஒருமித்துப் பேசுவதில்லை. வேண்டவே வேண்டாம் என்று எழுதுவதைவிட, பெயரளவுக்கு ஒரு ரிங்கிட் என்று எழுதிவைத்தால், பின்னாளில் நோயோ வேலையிழப்போ நேரும்போது தொகையை மாற்றக் கோருவதற்குக் கதவு திறந்திருக்கும் என்பது ஒரு சாராரின் கருத்து. உறவை முழுமையாக முடித்துக்கொள்ள விரும்பும் இருவருக்கு அது தேவையற்ற முடிச்சு என்பது மற்றொரு சாராரின் கருத்து. நான் பார்த்த கோப்புகளில் இரண்டும் உண்டு. என் சொந்த விருப்பம் ஒரு ரிங்கிட்டின் பக்கமே சாய்கிறது. பிள்ளைகளின் தொகையில் இந்த ஐயமில்லை. பெற்றோர் எப்படி ஒப்பந்தம் செய்திருந்தாலும் அதை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளை 18 வயதைக் கடந்தும் உயர்கல்வி பயின்றால் அது முடியும்வரை ஜீவனாம்சம் நீளும். பழைய மாதிரி வரைவைப் படியெடுத்து "18 வயது வரை" என்று மட்டும் எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வரியைச் சரிபாருங்கள்.

பிறைவாசி

நானும் என் முன்னாள் கணவரும் இந்த ஒரு ரிங்கிட் விஷயத்தில் கடைசிவரை வேறுபட்டுத்தான் இருந்தோம். இறுதியில் அது எழுதப்பட்டது. செந்தூல் சகோதரிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் ஒரு குறிப்பு: மணவிலக்குக் கிடைத்ததும் ஊழியர் சேமநிதியில் குறிப்பிட்ட வாரிசுப் பெயர் தானாக மாறிவிடாது. பழைய துணையின் பெயரே அங்கே நிற்கும். காப்புறுதிப் பத்திரங்களிலும் பெயரைத் தேடிப் பாருங்கள். எங்கள் இருவரில் அவர்தான் அதை முதலில் நினைவுபடுத்தினார்; ஒரே வாரத்தில் இருவரும் பிள்ளைகளின் பெயரை எழுதிவிட்டோம்.

செந்தூல் வாசகி

அலமாரியில் தேடச் சொல்லியிருக்கிறேன். சான்றிதழ் கிடைத்தால் மீண்டும் எழுதுகிறேன்.