கம்பேர் கட்டளையை எடுத்துவிட்டால் ஒரு கட்டளைக்கான சராசரி சைக்கிள், அதாவது சிபிஐ, ஏறுகிறது. எந்த டிசைன் வேகம்?

மின்மினி:
டிசைன் அ 2.5 கிகாஹெர்ட்ஸ். 100 கட்டளையில் கணக்கு 45, கம்பேர் 15, பிராஞ்ச் 15, மெமரி 25. சைக்கிள் முறையே 1, 1, 2, 3. டிசைன் ஆ-வில் பிராஞ்சே ஒப்பிட்டும் பார்த்துவிடும், கம்பேர் கிடையாது. மற்ற சைக்கிள்கள் அப்படியே, கிளாக் மட்டும் 2.3 கிகாஹெர்ட்ஸ். எது வேகம்? வகுப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வேகத்தடை:
அ-தான். அதன் சிபிஐ 1.65. ஆ-வில் மீதி 85 கட்டளைக்கு 150 சைக்கிள், அதாவது 1.76. கிளாக்கும் குறைவு. வினாடிக்கு எத்தனை கட்டளை ஓடுகிறது என்று பார்த்தாலும் அ-வில் சுமார் 151 கோடி, ஆ-வில் 130 கோடி. இரண்டிலும் பின்தங்கிய டிசைன் எப்படி ஜெயிக்கும்?

சுழலி:
1.65, 1.76 இரண்டும் சரியான கணக்கு. ஆனால் அவை ஒரு கட்டளைக்கான செலவு. ஒரே புரோகிராமை முடிக்க அ 100 கட்டளை ஓட்டுகிறது, ஆ 85 மட்டுமே ஓட்டுகிறது. அந்த எண்ணிக்கை உங்கள் ஒப்பீட்டில் எங்கேயும் வரவில்லை.

```
நேரம் = கட்டளைகள் × CPI ÷ கிளாக்
அ: 100 × 1.65  ÷ 2.5 = 66.0 ns
ஆ:  85 × 1.765 ÷ 2.3 = 65.2 ns
```

ஆ சுமார் 1.2% வேகம். சிபிஐ ஏறியதற்குக் காரணம், ஒரே சைக்கிளில் முடிகிற மலிவான கட்டளைகளை எடுத்துவிட்டோம். செலவு அதிகமானவை மட்டும் மிஞ்சினால் சராசரி ஏறத்தான் செய்யும்.

தேனீ:
வெறும் 1.2% தானா? எனக்கு 19% வருகிறதே. 45 + 30 + 75 = 150, சிபிஐ 1.5. அதை 85-ஆல் பெருக்கி 2.3-ஆல் வகுத்தால் 55.4 நானோசெகண்ட்.

சுழலி:
அந்த 1.5 எதால் வகுத்து வந்தது? 100-ஆல். ஆ-வில் இருப்பதோ 85. கம்பேர் போனதும் சதவீதங்களின் கூட்டல் 85%தான் வரும், அவற்றை மறுபடி 100-க்குக் கொண்டுவர வேண்டும்: கணக்கு 52.9, பிராஞ்ச் 17.6, மெமரி 29.4. நீங்கள் நீக்கிய 15 கட்டளைகளின் லாபத்தை இரண்டு தடவை எடுத்துக்கொண்டீர்கள். இந்த மாதிரிக் கணக்கில் சதவீதங்களைக் கூட்டிப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். அதைவிட, சதவீதத்தை விட்டுவிட்டு மொத்த சைக்கிளை வைத்துப் போடுவது நல்லது: 150 ÷ 2.3.

நாட்குறிப்பு:
என் மெஷினில் இதையே பார்த்தேன். `perf stat -e cycles,instructions ./a.out` கொடுத்தால், கம்பைலருக்கு `-O2` போட்ட பிறகு `insn per cycle` குறைகிறது, அதாவது சிபிஐ ஏறுகிறது, ஆனால் புரோகிராம் முன்பைவிட ரொம்ப சீக்கிரம் முடிகிறது. அப்படியென்றால் கம்பைலர் பிராசஸரை மெதுவாக்குகிறதா?

சுழலி:
இல்லை. கம்பைலர் தேவையற்ற கட்டளைகளை வெட்டுகிறது, மிஞ்சியவை கனமானவை. ஆனால் உங்கள் மெஷினில் ஒரே நேரத்தில் பல கட்டளைகள் ஓடும், அதனால் வகைக்கு இத்தனை சைக்கிள் என்று பிரித்துக் கூட்ட முடியாது. அங்கே மொத்த சைக்கிளை மட்டும் நம்புங்கள்.

வேகத்தடை:
சரி, நேரத்தையே வைத்துப் பேசுவோம். ஆனாலும் அ-வை விடமாட்டேன். பிராஞ்ச் குறைவான புரோகிராமை எடுங்கள்: கணக்கு 60, கம்பேர் 5, பிராஞ்ச் 5, மெமரி 30. அ-வில் 165 சைக்கிள், அதே 66 நானோசெகண்ட். ஆ-வில் 160 சைக்கிள், 69.6. இப்போது அ 5% வேகம். கிளாக்கைக் குறைத்த நஷ்டம் எல்லாக் கட்டளைக்கும் விழுகிறது, லாபம் பிராஞ்ச் வரும் இடத்தில் மட்டும்.

சுழலி:
இது நியாயமான வாதம். முதல் கணக்கிலேயே ஆ-வின் கிளாக் 2.27-க்குக் கீழே போனால் அ ஜெயித்துவிடும், அவ்வளவு சின்ன இடைவெளி. ஆனால் மெமரிக்கு 3 சைக்கிள் என்று கொடுத்திருக்கிறார்களே, அதற்குள் என்ன இருக்கிறது? கேஷில் கிடைக்க 1 சைக்கிள், 100-க்கு ஒரு தடவை கிடைக்காமல் போய் 80 நானோசெகண்ட் காத்திருப்பது என்று வையுங்கள். 2.5-இல் அது 200 சைக்கிள், சராசரி 3. மெயின் மெமரி கிளாக்கோடு சேர்ந்து மெதுவாவதில்லை, ஆகவே 2.3-இல் காத்திருப்பு 184 சைக்கிள்தான், சராசரி 2.84. மின்மினியின் கலவைக்கு ஆ 146 சைக்கிளில் முடிக்கும், 63.5 நானோசெகண்ட். லாபம் 4% ஆகிறது.

வேகத்தடை:
அதே திருத்தத்தை என் கலவைக்கும் போடுங்கள். ஆ 67.5, அ 66. இன்னும் அ-தான் முன்னால்.

மின்மினி:
கேள்வியில் மெமரி 3 சைக்கிள் என்று மட்டும்தான் இருக்கிறது, கேஷ் பற்றி ஒன்றும் இல்லை. அதை அப்படியே எடுத்து, 66.0-க்கு 65.2, ஆ வேகம் என்று எழுதுகிறேன். இரண்டு புரோகிராமும் ஓடப்போகிற மெஷினுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

சுழலி:
எந்தப் புரோகிராம் எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரியாமல் அதற்கு விடை இல்லை. மின்மினி, அந்த விகிதம் கேள்வியில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.