புதுப்பிப்பு: டிரான்சிஸ்டர் வளைகோடுகளில் சுமைக்கோடு

முன்பு நான் கேட்டது: "வெளியீட்டு வளைகோடுகளின் மேல் சுமைக்கோட்டை எங்கிருந்து எங்கே வரைவது?" மின்வழங்கியும் மின்தடையும் அனுமதிக்கும் மின்னழுத்த, மின்னோட்ட மதிப்புகளைக் காட்டும் நேர்கோடுதான் சுமைக்கோடு.

அனுபவமுள்ள ஒருவர் காட்டிய வழியில், 12 வோல்ட் மின்வழங்கியும் ஏற்பானில் 2 கிலோஓம் மின்தடையும் கொண்ட பொது உமிழ்ப்பான் சுற்றுக்கு, ஏற்பான்-உமிழ்ப்பான் மின்னழுத்தத்தைக் காட்டும் கிடை அச்சில் 12 வோல்ட்டையும் ஏற்பான் மின்னோட்டத்தைக் காட்டும் செங்குத்து அச்சில் 6 மில்லியாம்பியரையும் குறித்து நேர்கோட்டால் இணைத்தேன். மின்னோட்டப் பெருக்கம் 100 என்றால், அடிவாய் மின்னோட்டம் 30 மைக்ரோஆம்பியருக்கான வளைகோடு அக்கோட்டை 6 வோல்ட், 3 மில்லியாம்பியரில் வெட்டுகிறது, அதுவே இயங்குபுள்ளி.

பெருக்கம் 200 உள்ள டிரான்சிஸ்டரைப் பொருத்தினால் மின்னோட்டம் சரியாக இரட்டித்து 6 மில்லியாம்பியர் ஆகும் என்று இன்னொருவர் எழுதினார். இது பாதி சரி. தெவிட்டிய நிலையிலும் ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 0.2 வோல்ட் எஞ்சுவதால், மின்னோட்டம் 5.9 மில்லியாம்பியரிலேயே நின்றுவிடும். அந்த நிலையில் சைகையைக் கொடுத்தால் வெளியீட்டு அலையின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரியும். பெருக்கம் மாறினால் இயங்குபுள்ளியும் இப்படி நகர்ந்துவிடுவதுதான் அடிவாய்க்கு ஒற்றை மின்தடை மட்டும் வைக்கும் சுற்றின் பலவீனம் என்பதால், இதுபோன்ற கேள்விக்கான விடையில் இதைக் குறிப்பிடுவது நல்லது.

செனர் டையோடு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அங்கும் சுமைக்கோடு உதவும், ஆனால் பின்னோக்குப் பகுதியில் வரைய வேண்டும்.

வளைகோடுகளின் தட்டைப் பகுதியைச் சற்றே ஏறுமுகமாக வரைய வேண்டுமா என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து எட்டவில்லை. உண்மையான டிரான்சிஸ்டரில் அந்தச் சரிவு இருப்பதால், நான் அப்படியே வரைகிறேன்.