நாகர்கோவிலில் இருந்து 48 யூரோ கேக் வாங்க முயன்ற அன்று: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கருங்கல் மகள்

டப்ளினில் நர்ஸாக இருக்கிறேன். டிசம்பர் முதல் வாரம் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்தேன். மகளுக்கு டப்ளினில் பிறந்தநாள். அவள் என் தோழி வீட்டில் தங்கியிருந்ததால், அந்த முகவரிக்கே கேக் போகட்டும் என்று ஒரு பேக்கரித் தளத்தில் 48 யூரோவுக்கு ஆர்டர் கொடுத்தேன். தம்பியின் லேப்டாப், என்னுடைய ஐரிஷ் கார்டு.

பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்’ என்று வந்தது. அந்த ஐரிஷ் சிம் பாஸ்போர்ட் உறைக்குள் டேப் போட்டு ஒட்டியிருந்தது. கைபேசியின் சிம் தட்டைத் திறக்க ஊசி கிடைக்கவில்லை. அம்மாவின் கம்மலைக் கழற்றி, அதன் தண்டால் குத்தித் திறந்தேன். சிக்னல் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

முந்தின வாரம்தான் அதே கார்டில் 212 யூரோவுக்கு வீட்டுச் சாமான் வாங்கியிருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 212-க்குக் கேட்காதவர்கள் 48-க்கு ஏன் கேட்டார்கள்? கடைசியில் என் கணவர் டப்ளினில் இருந்து தன் கார்டில் வாங்கினார். ஒரு நொடியில் முடிந்தது. இன்றுவரை மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திங்கள்நகர் தம்பி

அக்கா, ஐரோப்பாவில் 30 யூரோ வரை கேட்கமாட்டார்கள், அதற்கு மேல் கேட்பார்கள். அதுதான் விதி. 212-க்குக் கேட்காமல் விட்டது வங்கியின் தவறாகத்தான் இருக்கும்.

வடசேரி

தம்பி சொல்வது பாதிதான் சரி. 30 யூரோ விலக்கு இருக்கிறது. அதுவும் எண்ணிக்கையிலோ மொத்தத் தொகையிலோ ஒரு வரம்பு தாண்டினால் நின்றுவிடும். ஆனால் அக்காவின் 212 யூரோ தப்பியது வேறு வழியில்.

நான் திருவனந்தபுரத்தில், வங்கிகளுக்காக இந்தச் சோதனை மென்பொருளை நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆன்லைனில் பணம் கட்டும்போது பக்கம் சற்று நேரம் சுற்றுகிறதே, அப்போது கடையில் இருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு ஒரு கோரிக்கை போகிறது. தொகையும் கார்டு எண்ணும் மட்டுமல்ல. பிரவுசரின் மொழி, திரை அளவு, ஐபி முகவரி, பொருள் போகும் முகவரி, அந்த முகவரி இதற்கு முன் பயன்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கலாம். இவற்றை அந்தக் கார்டின் பழைய நடப்போடு ஒப்பிட்டு வங்கியின் பக்கம் ஒரு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் நன்றாக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே ‘சரி’ என்று பதில் போய்விடும். சந்தேகம் இருந்தால்தான் குறியீடு கேட்கும் பக்கம் வரும். பல வாங்கல்கள் முதல் வழியிலேயே போய்விடுகின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐரோப்பியக் கார்டின் கோரிக்கையில் இந்த வரியைப் பார்த்தேன்:

```
"browserTZ": "-330"
```

உலகப் பொது நேரத்துக்கும் அந்தக் கணினியின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. 330 நிமிடம் என்றால் ஐந்தரை மணி நேரம், அதாவது இந்திய நேரம். யாரோ விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு எண்ணிலேயே புரிந்தது. டிசம்பரில் டப்ளினில் இருந்து போனால் அந்த இடத்தில் 0 இருக்கும்.

அக்கா, உங்கள் 212 யூரோ வாங்கலை யோசித்துப் பாருங்கள். பழகிய கணினி, பழகிய கடை, சொந்த முகவரி. 48 யூரோவில் லேப்டாப் புதிது, நாடு வேறு, கடை புதிது, முகவரியும் புதிது. தொகை ஒன்றுதான் சிறியது. தனித்தனியாக எடுத்தால் எதுவும் பெரிய குற்றமில்லை. நான்கும் ஒரே நிமிடத்தில் சேர்ந்துவிட்டன. திருடிய கார்டும் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

தொகைக்கும் விதி உண்டு. மதிப்பெண்ணை நம்பிச் சோதனையைத் தவிர்க்க ஐரோப்பாவில் உச்சவரம்பு 500 யூரோ. அதுவும் அந்த வங்கியில் மோசடி குறைவாக இருந்தால்தான். 100 யூரோ வரை தவிர்க்க, நடக்கும் ஒவ்வொரு 100 யூரோவிலும் மோசடி 13 சென்டுக்குள் இருக்க வேண்டும். 250 வரை என்றால் 6 சென்ட், 500 வரை என்றால் 1 சென்ட். தொகை ஏற ஏற விலக்கு பெறுவது கடினமாகிவிடும்.

பேச்சிப்பாறை

இதெல்லாம் அயல்நாட்டுக்காரர்களுக்குத்தான் போலிருக்கிறது. என் கார்டு நாகர்கோவில் கிளையில் கொடுத்தது. ஒரே கடையில் பத்து வருடமாக ரப்பர் மரத்துக்கு உரம் வாங்குகிறேன், ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கிறார்கள். என் மதிப்பெண் அவ்வளவு மோசமா? போன மழையில் கீரிப்பாறைப் பக்கம் டவர் போய் இரண்டு நாள் உரம் வாங்க முடியவில்லை.

வடசேரி

ஐயா, உங்கள் மதிப்பெண்ணில் குறை எதுவும் இல்லை. இங்கே ரிசர்வ் வங்கி 2009-லேயே ஆன்லைன் கார்டு வாங்கலுக்கு இரண்டாவது சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. அதனால் நல்ல மதிப்பெண் இருந்தாலும் பெரும்பாலும் ஓடிபி கேட்கத்தான் செய்வார்கள். டவர் இல்லாத ஊருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

முட்டம் சேவியர்

நான் நிறையப் பயணம் செய்தவன், அதனால் சொல்கிறேன். ஊருக்கு வரும் எல்லோரும் கேளுங்கள். புறப்படுவதற்கு முன்பே வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். பழைய சிம்மைக் கைபேசியிலேயே விட்டு ரோமிங்கைத் திறந்து வைக்க வேண்டும். வேறு யாருடைய கணினியையும் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விபிஎன் போட்டு டப்ளினைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் வங்கிக்கு நீங்கள் வீட்டில் இருப்பதாகத்தான் தெரியும், ஒரு கேள்வியும் வராது. தேவைப்படாத நாட்களிலும் விபிஎன்னை அணைக்காதீர்கள். நான் இரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறேன். என் மைத்துனர் கேட்கவில்லை, கஷ்டப்பட்டார்.

வடசேரி

சேவியர் அண்ணன், சிம் பற்றிச் சொன்னது மிகச் சரி. விபிஎன் விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. ஐபி டப்ளின் என்கும், நேரம் -330 என்கும். இரண்டும் ஒத்துவராத கோரிக்கை, ஊரில் இருந்து நேராக வந்த கோரிக்கையைவிட அதிகச் சந்தேகத்தைக் கிளப்பலாம்.

முட்டம் சேவியர்

எனக்கு ஒருமுறைகூடத் தடையில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

வடசேரி

உங்களுக்குத் தடை வராமல் இருக்கலாம், அண்ணன். தினமும் அதே விபிஎன்னில் வாங்கினால் அதுவே உங்கள் வழக்கமாகப் பதிந்திருக்கும். எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதை எந்த வங்கியும் வெளியே சொல்லாது.

மணவாளக்குறிச்சி

எல்லோரும் கேட்டதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் தம்பிக்குக் கேட்காததுதான் வினை. ஜெர்மனியில் படிக்கிறான். அறையில் கூட இருந்த ஒருவன் தம்பியின் லேப்டாப்பைத் திறந்து, கார்டு சேமித்திருந்த கடைக் கணக்கில் 180 யூரோவுக்கு ஹெட்போன் வாங்கிவிட்டான். அதே லேப்டாப், அதே வைஃபை, அதே முகவரி. குறியீடு கேட்கவே இல்லை. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். ‘நான் வாங்கவில்லை’ என்று வங்கியில் சொன்னால், ‘உங்கள் சாதனத்தில் இருந்துதான் வந்திருக்கிறது’ என்கிறார்கள். வடசேரி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வடசேரி

மதிப்பெண் பிடிக்க முடியாத இடம் அதுதான். அது பார்ப்பது சாதனத்தையும் பழக்கத்தையும், விசைப்பலகையில் இருக்கும் கையை அல்ல. சோதனை கேட்காமல் விட்டது வங்கியின் முடிவு என்பதால் பொறுப்பும் வங்கிக்கே என்று வாதிட இடம் இருக்கிறது. வாங்கலின்போது குறியீடு கேட்கப்பட்டதா என்று எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். ஒரே அறைக்காரன் என்பதால் வங்கி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

மணவாளக்குறிச்சி

கேட்டிருக்கிறான். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை.

கருங்கல் மகள்

தம்பிக்கு நல்லபடியாக முடியட்டும். வடசேரி, நான் திரும்பி வந்துவிட்டேன். நேற்று என் சொந்தக் கைபேசியில் இருந்து அதே பேக்கரியில் அதே தோழி முகவரிக்கு ஒரு ரொட்டி ஆர்டர் கொடுத்தேன். இரண்டு நொடி சுற்றியது. குறியீடு கேட்கவில்லை.