குங்குமம் கலைந்த தீபாவளிப் படம்: நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள்?

மொட்டைமாடி கேமரா:
தீபாவளி காலையில் தங்கையைப் படம் எடுத்தேன். அதற்குச் சற்று முன்புதான் அத்தை கட்டைவிரலால் அவளுக்குக் குங்குமம் வைத்துவிட்டார். வேர்வையில் அது இடது புருவம் வரை இழுபட்டிருப்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. போட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். கறை போகாமல் நெற்றி முழுக்க ரோஸ் புகை மாதிரி பரவிவிட்டது. இதே வேலையைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சமையல்கட்டு அக்கா:
தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் கறை போய்விடும் தம்பி. வைப்பதற்கு முன்பே துளி வாசலின் தடவியிருந்தால் ஒழுகியே இருக்காது.

மொட்டைமாடி கேமரா:
அக்கா, கறை படத்தில் இருக்கிறது! தங்கை அன்றைக்கே முகம் கழுவிவிட்டாள். ஆனால் வாசலின் யோசனை அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

ஆல்பக்காரர்:
கல்யாண ஆல்பம் செய்கிறவனுக்கு இது வாராவாரம் வரும் வேலை. ஹீலிங் பிரஷ், தொடும் இடத்தின் ஓரத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதை உள்ளே இழுத்துக் கலக்கும். நீங்கள் பொட்டின் விளிம்பைத் தொட்டிருப்பீர்கள், அதுதான் ரோஸ் புகை.

முதலில் `Channels` பலகையில் `Red` மட்டும் திறந்து பாருங்கள். சிவப்புக் கறை அதில் கிட்டத்தட்ட மறைந்துவிடும், அடியில் தோலின் துளைகள் அப்படியே தெரியும். அப்படியானால் தோல் கெடவில்லை, நிறம்தான் ஏறியிருக்கிறது. அதை அழிக்க வேண்டாம், நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். புதிய லேயர் ஒன்று போட்டு அதன் பிளெண்ட் மோடை `Color` ஆக்குங்கள். பக்கத்திலுள்ள சுத்தமான நெற்றியில் `Alt` அழுத்தி நிறம் எடுத்து, மென்மையான பிரஷ்ஷை 20 சதவீத ஒபாசிட்டியில் வைத்து இரண்டு மூன்று தடவை பூசுங்கள்.

சிவப்பு போனபிறகும் அந்த இடம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள், நெற்றியில் அடிபட்ட மாதிரி இருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் வைத்து `Curves`-இல் லேசாகத் தூக்குங்கள். முடிந்ததா என்று `Green` சானலில் பாருங்கள், மிச்சம் இருந்தால் கறுப்புத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். `Red`-இலும் தெரிகிற கட்டிகளுக்கு மட்டும் `Clone Stamp`.

புது எடிட்டர்:
இவ்வளவு எதற்கு? நெற்றியை மொத்தமாகச் சுத்தம் செய்துவிட்டு வேறு படத்திலிருந்து ஒரு வட்டப் பொட்டை வெட்டி ஒட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆல்பக்காரர்:
நேராகப் பார்க்கும் முகம், இரண்டு படத்திலும் ஒரே வெளிச்சம் என்றால் சரி. ஆனால் ஸ்டிக்கர் பொட்டு மினுங்கும், ஓரத்தில் மெல்லிய நிழலும் விழும். குங்குமம் மங்கலான தூள், விளிம்பில் துகள் சிதறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் வீட்டுப் பெண்கள் உடனே பிடித்துவிடுவார்கள். முகம் திரும்பியிருந்தால் வட்டமும் சற்று ஒடுங்க வேண்டும்.

மொட்டைமாடி கேமரா:
அந்தத் தப்பை நேற்றே செய்துவிட்டேன் அண்ணா. இரண்டு புருவத்துக்கும் நடுவே திரையில் அளந்து பொட்டை நகர்த்தினேன், கோணலாக ஆகிவிட்டது. அவள் முகம் சற்று இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. மூக்குத் தண்டிலிருந்து வகிடுக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பொட்டு முதலிலேயே நடுவில்தான் இருந்திருக்கிறது! இழுபட்ட கறைதான் கண்ணை ஏமாற்றியிருக்கிறது.

பழைய ஸ்டூடியோ:
என் கதையையும் கேளுங்கள். ஒரு பெரியவர் படத்தில் நாமம் மூக்குத் தண்டு வரை இறங்கியிருந்தது. ஒழுகிவிட்டது என்று நினைத்து அந்தக் கீழ்ப்பகுதியை அழகாக அழித்துக் கொடுத்தேன். அவர் தென்கலை, அது ஒழுகல் இல்லை, நாமத்தின் பாதம். பாதத்தை எடுத்ததும் வடகலை நாமம் போல ஆகிவிட்டது. பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மறுபடி செய்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதிருந்து நெற்றியைத் தொடும் முன் கேட்டுவிடுகிறேன். திருநீற்றுப் பட்டையின் மூன்று கோட்டையும் ஒரே தடிமனாக்குவதும் எனக்குப் பிடிக்காது. விரலால் இழுத்தது ஓரத்தில் தேய்ந்துதானே இருக்கும்?

புது எடிட்டர்:
வாடிக்கையாளர் சமமாக வேண்டும் என்று கேட்டால் என்ன செய்ய? நான் செய்து கொடுத்துவிடுவேன்.

மொட்டைமாடி கேமரா:
முடித்துவிட்டேன். முதலில் செல்போனில் சுருங்கி வந்த படத்தில் செய்து பார்த்தேன், பொட்டின் விளிம்பில் ரோஸ் கசிவு போகவே இல்லை. கேமராவின் மூலப் படத்தில் அந்தக் கசிவே கிடையாது. `Color` லேயரில் பத்து நிமிஷ வேலை. தங்கைக்கு ரொம்பப் பிடித்தது. அத்தை மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "நான் இவ்வளவு சின்னதாகவா வைத்தேன்?" என்று கேட்டார். இப்போது இரண்டு பிரதி போட வேண்டும்.