புதுப்பிப்பு: லாக்ஃபிரேமில் அனுமானம் எந்த வரியில்?

முன்பு கேட்டது: "கைபம்பு பழுதுபார்க்கும் திட்டத்துக்கு லாக்ஃபிரேம் போடுகிறோம். 'மக்கள் ஒத்துழைப்பார்கள்' என்ற அனுமானம் எந்த வரியில் வரும்?"

லாக்ஃபிரேம் என்பது திட்டத்தின் செயல்பாடு முதல் இலக்கு வரை கீழிருந்து மேலாக வரிவரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய அனுமானத்தையும் குறிக்கும் அட்டவணை. மதிப்பீட்டுப் பணியில் இருக்கும் அக்கா சொன்னபடி அதைக் கீழிருந்து மேலே படித்தோம். ஒரு வரியின் வேலை முடிந்து, அதே வரியின் அனுமானமும் மெய்யானால்தான் அடுத்த மேல்வரி கிடைக்கும். மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்து, உதிரிபாகமும் வட்டாரக் கடையில் கிடைத்தால், 20 பம்புகள் ஓடும். அவை ஓடி, கோடையிலும் நீர்மட்டம் எட்டும் ஆழத்தில் இருந்தால், வீடுகளுக்கு ஆண்டு முழுதும் தண்ணீர்.

இங்கேதான் சிக்கல். நாம் பழுதுபார்க்கும் இந்தியா மார்க் 2 வகைக் கைபம்புக்குச் சுமார் 45 மீட்டர்தான் வசதியான ஆழம். மே மாதத்தில் நீர்மட்டம் அதற்குக் கீழே போகும் ஊரில் அந்த அனுமானம் பொய்; அந்த ஊரை வைத்துக்கொண்டு அனுமானத்தை மட்டும் எழுதிவைப்பது வீண். பம்பையோ ஊரையோ மாற்ற வேண்டும்.

'மக்கள் ஒத்துழைப்பார்கள்' அட்டவணையிலிருந்தே போய்விட்டது. மக்களிடமிருந்து உண்மையில் தேவைப்பட்டது மாதச் சந்தா. அதை வசூலிக்கும் குழுவை அமைப்பது நம்மால் முடியும், ஆகவே அது செயல்பாடு.

"அனுமானம் நம் கையில் இல்லாதது, கண்காணிக்கத் தேவையில்லை" என்றார் ஒரு தம்பி. முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. நீர்மட்டத்தை மாதந்தோறும் அளக்காவிட்டால் பம்பு ஏன் நின்றது என்றே தெரியாது.

வயிற்றுப்போக்குக் குறைவை இலக்காக வைப்பதா என்பதில் இன்னும் உடன்பாடில்லை. குடத்தில் தண்ணீர் மாசுபட்டால் பம்பு மட்டும் அதைக் குறைக்காது என்கிறார் அக்கா.