ஆர்கானிக் காபி: பூச்சிமருந்து, ருசி பத்தி ஒரு சந்தேகம்

வணக்கம், ஆர்கானிக் காபிக்கொட்டைக்கு மாறலாமான்னு யோசிக்கிறேன், ஆனா அந்த லேபிள் எதுவரைக்கும் உறுதி தருதுன்னு தெளிவா தெரியணும். நான் படிச்சவரைக்கும் மருந்தே அடிக்கலைன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, செயற்கை பூச்சிமருந்துதான் கூடாது, இலைத்துரு நோய்க்கு செம்பு சேர்ந்த போர்டோ கலவை, காய்த்துளைப்பானுக்கு பியூவேரியா பூஞ்சை இதெல்லாம் விதிக்கு உட்பட்டு அடிக்கலாம். சாதாரண கொட்டையிலயும் வறுக்கிற சூட்டுல மருந்து எச்சம் நல்லாவே குறையுதாம், அப்போ குடிக்கிறவங்களை விட தோட்டத்துல மருந்து அடிக்கிறவங்களுக்குத்தான் இதுல பெரிய நன்மைன்னு எனக்குப் படுது, சரியா?

ருசிக்கு லேபிள் காரணமில்ல, ரகம், விளைஞ்ச உயரம், பழுத்ததைப் பறிச்சாங்களா, வறுத்து எத்தனை நாள் ஆச்சு இதுதான்னு நினைக்கிறேன். ஒரே ரகம், ஒரே வறுவல்ல ரெண்டையும் பக்கத்துல வச்சு குடிச்சுப் பாத்தவங்க யாராவது இருந்தா வித்தியாசம் தெரிஞ்சுதான்னு சொல்லுங்க ப்ளீஸ்.