நக்கல் கமெண்ட்டுக்கு என்ன பதில் போட?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. திருநகர்ல சின்னதா கட்டட வேலை எடுத்துச் செய்றேன். நேத்து லிங்க்ட்இன்ல, தளத்துல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தின படத்தைப் போட்டு "7 நாள் நனைச்சா போதும்"னு எழுதினேன். கீழ ஒரு மூத்த இன்ஜினியர், "டிகிரி படிச்சு வாங்குனதா, கடையில வாங்குனதா?"ன்னு கேட்டுட்டார். சிரிச்சவங்கள்ல என் கஸ்டமரும் ஒருத்தர்.

வயித்தெரிச்சல் என்னன்னா, விஷயம் அவர் பக்கம். நான் போட்டது பிபிசிங்கிற கலப்பு சிமெண்ட். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தரவிதிப்படி சாதா சிமெண்ட்டுக்குத்தான் குறைஞ்சது 7 நாள். கலப்பு சிமெண்ட்டுக்கு 10. அதையும் 14 வரை நீட்டுறது நல்லதுன்னு சொல்லுது. (தளத்துல இன்னும் தண்ணி நிக்குது, நல்லவேளை.)

கமெண்ட்டை அழிச்சா பயந்துட்டான்னு ஆயிரும், ஸ்கிரீன்ஷாட்டும் சுத்தும். அதனால இப்படி எழுதி வச்சிருக்கேன்: "பிபிசிக்கு 7 நாள்னு எழுதினது என் தப்பு. குறைஞ்சது 10, 14 வரை நீட்டினா நல்லது. பதிவைத் திருத்திட்டேன்." டிகிரி பேச்சைத் தொடவே இல்ல. மச்சான் "நன்றி சார்" சேர்க்கச் சொல்றான். எனக்கு அது குத்தலாப் படுது.

சேர்க்கவா, வேணாமா? அவர் மறுபடி சீண்டினா அப்படியே விட்டுறலாமா? கஸ்டமருக்கு நானே முதல்ல போன் போட்டுச் சொல்லிரவா?